லண்டன் நேரத்தில் ஓடும் கலண்டரை வைத்துக்கொண்டு ஹட்டனில் மீட்டிங் தவறாமல் இருப்பது எப்படி?

ஹட்டனில் இருந்தபடியே லண்டன் நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு எழுதும் வேலை 2025 பெப்ரவரியில் எனக்குக் கிடைத்தது. மின்னஞ்சலையும் கலண்டரையும் நிறுவனமே திறந்து கொடுத்தது. முதல் வாரத்தில் என் மேலாளருக்கு ஒரு மீட்டிங் அழைப்பு அனுப்பினேன். வியாழக்கிழமை நமக்குப் பிற்பகல் 3 மணி, அவருக்குக் காலை 9.30 என்று முன்பே பேசி வைத்திருந்தோம். நானும் கலண்டரில் 3 மணிக் கட்டத்தைத் தொட்டு அழைப்பை அனுப்பினேன். 3 மணிக்கு கோலைத் திறந்து முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

அன்று இரவு 8.30க்கு அவர் வந்து, என்னைக் காணாமல் போயிருக்கிறார். என் கணக்கின் கலண்டர் லண்டன் நேரத்தில் வைக்கப்பட்டிருந்தது. நான் தொட்ட 3 மணிக் கட்டம் லண்டனின் 3 மணி. நான் நேரத்தை மாற்றிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து அவரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அதைச் சரிசெய்த பிறகும் ஏப்ரல் தொடக்கத்தில் இன்னொரு மீட்டிங் தவறியது. அதற்குக் காரணம் வேறு, அதை 5ஆம் படியில் சொல்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து நிறைய தம்பி தங்கச்சிமார் இப்போது வெளிநாட்டு வேலைக்கும் ஒன்லைன் நேர்முகத் தேர்வுக்கும் உட்காருகிறார்கள். நேர்முகத் தேர்வு ஒருமுறை தவறினால் மறுபடி கூப்பிடுவது அரிது. அதனால்தான் நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் பாவிப்பது கூகுள் கலண்டர் என்பதால் திரையில் வரும் பெயர்களை அதிலிருந்தே தருகிறேன்.

## 1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

முதலில் உங்கள் நியமனக் கடிதத்தை அல்லது ஒப்பந்தத்தை எடுத்து, வேலை நேரம் எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள். வெறுமனே 9 முதல் 5 வரை என்றிருந்தால் அது எந்த ஊர் நேரம் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். லண்டன் நேரம் என்று பதில் வந்தால் உங்கள் வேலை நாள் வருடத்தில் இரண்டு முறை ஒரு மணி நேரம் நகரும். கையொப்பம் போடுவதற்கு முன்பே இது தெரிந்திருப்பது நல்லது. கடைசி பஸ், பிள்ளைகளின் வகுப்பு எல்லாம் அதோடு சேர்ந்து நகர வேண்டியிருக்கும்.

நேர்முகத் தேர்வு என்றால் அழைப்பு வந்த மின்னஞ்சலையும், அதோடு .ics என்று முடியும் கோப்பு இணைக்கப்பட்டிருந்தால் அதையும் அழிக்காமல் வைத்திருங்கள். பிறகு நேரத்தில் குழப்பம் வந்தால் அதுதான் உங்கள் ஆதாரம்.

அப்புறம், யார் எந்த நாட்டில் இருக்கிறார் என்று எழுதாமல் எந்த நகரத்தில் இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கனடா என்று எழுதினால் போதாது. டொரொன்டோவுக்கும் வான்கூவருக்கும் சில மணி நேர வித்தியாசம் இருக்கிறது.

இதற்குக் காசு செலவில்லை. கலண்டர் இலவசம், டேட்டாவும் மிகக் குறைவாகத்தான் போகும். எல்லாப் படிகளையும் செய்து முடிக்க அரை மணி நேரம் போதும். போனில் செய்வதை விட லெப்டொப்பில் உலாவியைத் திறந்து செய்யுங்கள், எல்லா அமைப்பும் அங்கேதான் ஒரே இடத்தில் இருக்கிறது.

## 2. கடிகாரத்தைத் தொடாதீர்கள், நேர வலயத்தைச் சரிசெய்யுங்கள்

கலண்டரைத் திறப்பதற்கு முன் லெப்டொப்பையும் போனையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் இரண்டு தனித்தனி விஷயங்கள் உண்டு. ஒன்று கடிகாரம் காட்டும் நேரம். மற்றது அந்தக் கருவி தன்னை எந்த ஊரில் இருப்பதாக நினைக்கிறது என்பது. மணி சரியாகத் தெரிந்தால் எல்லாம் சரி என்று நாம் விட்டுவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கட்டாரில் வேலை செய்த மாமா கொண்டுவந்த போனைத் தம்பிக்குக் கொடுத்தார். சிம் போடாமல் வைஃபையில் மட்டும் பாவித்தான். அதில் மணி இரண்டரை மணி நேரம் பின்னால் காட்டியதால், யாரோ கடிகாரத்தைக் கையால் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். மணி சரியாகிவிட்டது. ஆனால் போன் இன்னும் தன்னை டோஹாவில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. மாலை 6.30க்கு இருந்த ஒரு ஒன்லைன் வகுப்பை அந்தப் போனின் கலண்டர் 4 மணி என்று காட்டியது. அவனும் 4 மணிக்கு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வகுப்பு நடக்கவில்லை என்று வந்துவிட்டான்.

விண்டோஸ் லெப்டொப்பில் Settings, அதற்குள் Time & language, அதற்குள் Date & time என்று போங்கள். Set time automatically இயங்க வேண்டும். Time zone பட்டியலில் பலர் கொழும்பைத் தேடி, காணாமல் பக்கத்தில் உள்ள எதையாவது தெரிவுசெய்துவிடுகிறார்கள். அங்கே கொழும்பு என்ற பெயரே இல்லை. நமக்குரிய வரி இதுதான்:

```
UTC+05:30  Sri Jayawardenepura
```

சென்னை, மும்பை என்று வரும் வரியும் அதே ஐந்தரைதான், அதை எடுத்தாலும் மணி பிழைக்காது. ஆனால் பட்டியலில் அடுத்தடுத்து வரும் Kathmandu ஐந்தே முக்கால், Dhaka ஆறு. இந்த இரண்டில் கை பட்டுவிட்டால் வித்தியாசம் கால் மணியும் அரை மணியும்தான் என்பதால் உடனே கண்ணுக்குப் படாது. ஆனால் நேர்முகத் தேர்வு தவற அதுவே போதும்.

போனிலும் இப்படியே. திகதி, நேர அமைப்புக்குப் போய் நேர வலயம் கொழும்பு என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த போன், பழைய போன், சிம் இல்லாத டேப் ஆகிய மூன்றையும் கட்டாயம் பாருங்கள்.

## 3. கலண்டரின் நேர வலயத்தை மாற்றுங்கள்

கலண்டரை உலாவியில் வார வடிவத்தில் திறந்து இடது பக்க மேல் மூலையைப் பாருங்கள். மணிகள் வரிசையாக இறங்கும் பத்திக்கு மேலே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். GMT+05:30 என்றிருந்தால் உங்கள் கலண்டர் இலங்கை நேரத்தில் இருக்கிறது. எனக்கு அங்கே GMT+00 என்று இருந்தது. முதல் வாரம் முழுவதும் அது என் கண் முன்னால் இருந்தும் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

மாற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த இரண்டு வாரத்துக்கு நீங்களே உருவாக்கிய மீட்டிங்குகளையும், அவை எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்று நினைத்து உருவாக்கினீர்கள் என்பதையும் தாளில் எழுதுங்கள். நேர வலயத்தை மாற்றியதும் எல்லா மீட்டிங்கும் வேறு மணிக்குத் தாவும். தாவுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், மீட்டிங் உண்மையில் நகரவில்லை. 3 மணி என்று தெரிந்தது 8.30 என்று மாறினால், அது தொடக்கத்திலிருந்தே நமக்கு இரவு 8.30க்குத்தான் இருந்தது என்று பொருள். தாளோடு ஒப்பிட்டு, பிழையாக அனுப்பியவற்றை மட்டும் திருத்துங்கள். திருத்திச் சேமிக்கும்போது விருந்தினர்களுக்கு அறிவிக்கவா என்று கேட்கும், Send என்பதையே கொடுங்கள். Don't send கொடுத்தால் மற்றவர்களுக்கு நேரம் மாறியதாக மின்னஞ்சல் போகாது.

இப்போது Settings திறந்து, General பகுதியில் Time zone என்ற இடத்துக்குப் போங்கள்.

Primary time zone என்பதில் Colombo என்று முடியும் வரியை எடுங்கள். அதே வரியில் India Standard Time என்று வந்தாலும் கவலைப்படாதீர்கள், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.

Display secondary time zone என்பதைத் தெரிவுசெய்து London எடுங்கள். பக்கத்தில் இருக்கும் Label பெட்டிகளில் ஒன்றுக்கு ஹட்டன், மற்றதுக்கு லண்டன் என்று பெயர் வையுங்கள். இனி வார வடிவத்தில் இரண்டு மணிப் பத்திகள் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒரு கட்டத்தைத் தொடும்போதே அங்கே என்ன மணி, இங்கே என்ன மணி என்று இரண்டும் தெரியும். இந்த ஒரு மாற்றம் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் உதவியது.

அதே இடத்தில் Ask to update my primary time zone to current location என்று ஒன்று இருக்கிறது. நிறுவனத்தின் கணினிக்குத் தூரத்திலிருந்து இணைந்து வேலை செய்கிறவர்கள் இதில் கவனமாக இருங்கள். அந்தக் கணினி லண்டன் நேரத்தில் இருக்கும். அதன் வழியாகக் கலண்டரைத் திறந்ததும், உங்கள் நேர வலயத்தை லண்டனுக்கு மாற்றவா என்று கேட்கும். வேலை அவசரத்தில் ஆம் என்று அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இல்லை என்று சொல்லுங்கள், அல்லது இந்தத் தெரிவையே எடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒரு இடம் பாக்கி. அமைப்புப் பக்கத்தின் இடது பக்கம் கீழே உங்கள் கலண்டர்களின் பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்தால் அதற்கென்று தனி Time zone இருக்கும். நிறுவனம் திறந்து கொடுத்த கணக்கில் இது லண்டனில் நின்றுவிடுவதுண்டு. உங்கள் பெயரில் உள்ளதைக் கொழும்புக்கு மாற்றுங்கள். நிறுவனம் முழுவதும் பாவிக்கும் பொதுக் கலண்டரில் கை வைக்காதீர்கள், அது அவர்களுடையது.

போன் செயலியில் Settings, General, பிறகு Use device time zone. 2ஆம் படியில் போனைச் சரிசெய்துவிட்டீர்கள் என்றால் இது இயங்கட்டும்.

முடிந்ததும் மூன்று நிமிடச் சோதனை ஒன்று செய்யுங்கள். சோதனை என்ற பெயரில் ஒரு நிகழ்வை உருவாக்கி, அதன் நேர வலயத்தை 4ஆம் படியில் சொல்வதுபோல லண்டன் என்று வைத்து, பகல் 12 மணி என்று கொடுங்கள். சேமித்ததும் உங்கள் கலண்டரில் அது மாலை 5.30க்கு அல்லது 4.30க்குத் தெரிய வேண்டும். குளிர்காலத்தில் 5.30, கோடையில் 4.30. போனிலும் லெப்டொப்பிலும் ஒரே மணி தெரிந்தால் அழித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள். இரண்டிலும் வேறு மணி தெரிந்தால் 2ஆம் படியில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது.

## 4. அழைப்பு அனுப்பும்போது ஊரைச் சொல்லுங்கள்

நிகழ்வை உருவாக்கும் பக்கத்தில் நேரத்துக்குப் பக்கத்திலேயே Time zone என்ற சிறிய இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால் இந்த மீட்டிங்குக்கு மட்டும் எந்த ஊர் நேரம் என்று வைக்கலாம். லண்டன்காரர் உங்களிடம், எனக்கு செவ்வாய் 2 மணிக்குப் போடுங்கள் என்று சொன்னால், மனதில் கணக்குப் பார்த்து நம் நேரத்துக்கு மாற்ற வேண்டாம். நேர வலயத்தை லண்டன் என்று வைத்து, அவர் சொன்ன 2 மணியையே கொடுங்கள். மாற்றும் வேலையைக் கலண்டர் பார்த்துக்கொள்ளும்.

வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ நேரம் எழுதும்போது சுருக்கெழுத்துகளைத் தவிருங்கள். IST என்று எழுதினால் இந்தியாவா, அயர்லாந்தா, இஸ்ரேலா என்று மூன்று அர்த்தம் உண்டு. BST பிரித்தானியக் கோடைநேரமாகவும் இருக்கலாம், பங்களாதேஷ் நேரமாகவும் இருக்கலாம். டொரொன்டோக்காரர்கள் கோடையிலும் பழக்கத்தில் EST என்றே எழுதுவார்கள். எழுத்தின்படி கணக்குப் போட்டால் ஒரு மணி பிந்திப் போவீர்கள். நகரத்தின் பெயரை எழுதினால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. நான் எப்போதும் இந்த வடிவத்தில் எழுதுகிறேன், நீங்களும் பிரதியெடுத்துக்கொள்ளலாம்:

```
Tue 31 Mar 2026, 14:00 London / 18:30 Colombo
```

கிழமை, திகதி, இரண்டு ஊர், 24 மணி நேரக் கணக்கு. இதில் எதை நீங்கள் பிழையாக எழுதினாலும் வாசிப்பவருக்கு மற்றது இடிக்கும், உடனே கேட்டுவிடுவார்.

## 5. வாராவாரம் வரும் மீட்டிங்: மார்ச்சும் ஒக்டோபரும்

எனக்கு இரண்டாவது முறை மீட்டிங் தவறியது இங்கேதான். பெப்ரவரியிலும் மார்ச்சிலும் செவ்வாய்தோறும் மீட்டிங் இரவு 7.30க்கு வந்துகொண்டிருந்தது. பழகிவிட்டதால் கலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, போனில் 7.15க்கு ஒரு அலாரம் மட்டும் வைத்திருந்தேன். 2025 ஏப்ரல் முதலாம் திகதி மாலை ஹட்டன் டவுனில் வேலை முடித்து தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். டிக்கோயாவைத் தாண்டும்போது, நாங்கள் எல்லாரும் காத்திருக்கிறோம் என்று மெசேஜ் வந்தது. நேரம் 6.40. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மீட்டிங் வழக்கம்போல 2 மணிக்கே. எனக்கு மட்டும் 6.30க்கு வந்துவிட்டது. கலண்டர் அதைச் சரியாகக் காட்டிக்கொண்டுதான் இருந்தது, அலாரத்துக்குத்தான் அது தெரியாது.

இலங்கையில் கடிகாரம் வருடம் முழுவதும் ஒன்றுதான். பிரித்தானியாவில் மார்ச் கடைசி ஞாயிறு முன்னால் போகும், ஒக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பி வரும். டொரொன்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னால் போகும், நவம்பர் முதல் ஞாயிறு திரும்பும். நினைவில் வைக்க சுலபமான வழி: லண்டன் நேரத்தோடு குளிர்காலத்தில் ஐந்தரை கூட்டுங்கள், கோடையில் நாலரை. டொரொன்டோவுக்குக் குளிரில் பத்தரை, கோடையில் ஒன்பதரை.

இரண்டு நாடும் ஒரே நாளில் மாற்றாததால் நடுவில் சில வாரங்கள் எல்லாருக்கும் குழப்பம் வரும். ஹட்டன், லண்டன், டொரொன்டோ மூன்றிலும் ஆள் இருக்கும் ஒரு மீட்டிங் லண்டன் நேரம் செவ்வாய் 14.00 என்று வைக்கப்பட்டிருக்கிறது என்போம். 2026இல் அது இப்படிப் போகும்.

மார்ச் 3ஆம் திகதி நமக்கு 19.30, டொரொன்டோவில் காலை 9. மார்ச் 8இல் டொரொன்டோ மாற்றிவிடுகிறது. அதனால் மார்ச் 10ஆம் திகதி நமக்கு ஒன்றும் மாறவில்லை, அதே 19.30. டொரொன்டோக்காரருக்கு மட்டும் காலை 10 ஆகிவிடும். 17, 24 ஆகிய திகதிகளிலும் இப்படியே. மார்ச் 29இல் லண்டன் மாற்றுகிறது. மார்ச் 31ஆம் திகதி நமக்கு 18.30, டொரொன்டோ மறுபடி காலை 9. அதன்பின் கோடை முழுவதும் இதே நிலை. ஒக்டோபர் 25இல் லண்டன் திரும்புகிறது, ஆகவே 27ஆம் திகதி நமக்கு 19.30, டொரொன்டோவில் அந்த ஒரு வாரம் மட்டும் காலை 10. நவம்பர் 1இல் டொரொன்டோவும் திரும்பிவிடும், 3ஆம் திகதி முதல் பழையபடி.

இதில் லண்டன்காரருக்கு மட்டும் ஏன் எப்போதும் 2 மணியாகவே இருக்கிறது? அந்த மீட்டிங் லண்டன் நேரத்தில் உருவாக்கப்பட்டது, அதுதான் காரணம். திரும்பத் திரும்ப வரும் மீட்டிங் எந்த ஊர் நேரத்தில் உருவாக்கப்படுகிறதோ அந்த ஊர்க் கடிகாரத்தோடுதான் போகும். அதே மீட்டிங்கைக் கொழும்பு நேரம் 19.30 என்று நீங்கள் உருவாக்கியிருந்தால், நமக்கு வருடம் முழுவதும் 19.30 அசையாது. லண்டனில் கோடை முழுவதும் அது 15.00 ஆகிவிடும். அங்கே அந்த நேரத்தில் வேறு மீட்டிங் இருந்தால் மார்ச் கடைசியில் பிரச்சினை கிளம்பும், நீங்கள் நேரத்தை மாற்றிவிட்டீர்கள் என்றும் சொல்வார்கள்.

அதனால் தொடர் மீட்டிங் போடும்போது, இது யாருடைய மணிக்கு நிலையாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். என் கருத்து: அங்கே நாலைந்து பேர், இங்கே நீங்கள் ஒருவர் என்றால் லண்டனுக்கே நிலையாக விடுங்கள், நகர்வதற்கு நீங்கள் தயாராக இருங்கள். ஆனால் கோடையில் 6.30 என்பது உங்களுக்குப் பஸ்ஸில் இருக்கும் நேரம் என்றால் அதை பெப்ரவரியிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொன்னதும் மீட்டிங்கை அரை மணி நேரம் பின்னால் தள்ளினார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை.

மெல்போர்ன், சிட்னியோடு வேலை என்றால் எல்லாம் தலைகீழ். அவர்கள் நமக்கு முன்னால் இருக்கிறார்கள். ஒக்டோபர் முதல் ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் நாலரை.

தொடர் மீட்டிங்குக்குக் கையால் அலாரம் வைக்கவே வேண்டாம். கலண்டரின் நினைவூட்டலையே நம்புங்கள்.

## 6. வரும் அழைப்பைச் சோதித்து ஏற்றுக்கொள்ளுங்கள்

மின்னஞ்சலில் அழைப்பு வந்தால் அது கலண்டரிலும் தானாக ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். Settings இல் Add invitations to my calendar என்று ஒரு தெரிவு இருக்கிறது. அது When I respond to the invitation in email என்றிருந்தால், நீங்கள் Yes அழுத்தும் வரை கலண்டர் வெறுமையாகத்தான் இருக்கும். நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கும் நாட்களில் தெரியாத ஆட்களிடமிருந்து அழைப்பு வரும், அதனால் From everyone என்று வைத்திருப்பது நல்லது. வேலை கிடைத்த பிறகு Only if the sender is known என்று மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் வேண்டாத விளம்பர அழைப்புகளும் ஏறிக்கொள்ளும்.

சிலர் .ics கோப்பாக அனுப்புவார்கள். கலண்டர் காட்டும் நேரத்துக்கும் மின்னஞ்சலில் எழுதியிருக்கும் நேரத்துக்கும் ஒத்துவராவிட்டால், அந்தக் கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்து DTSTART என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். நேர வலய விவரத்துக்குள்ளும் அதே சொல் வரும், உங்கள் மீட்டிங் திகதி உள்ள வரிதான் வேண்டும். மூன்று விதமாக இருக்கலாம்.

```
DTSTART;TZID=Europe/London:20260331T140000
DTSTART:20260331T130000Z
DTSTART:20260331T140000
```

முதல் வரி லண்டன் நேரம் 14.00 என்று ஊரையே சொல்கிறது. இரண்டாவதில் கடைசியில் Z இருக்கிறது, அப்படியென்றால் அது உலகப் பொது நேரமான UTC. 13.00 உடன் ஐந்தரை கூட்டினால் நமக்கு 18.30. இரண்டும் ஒரே நேரம்தான், இரண்டும் பாதுகாப்பானவை. மூன்றாவதில் ஊரும் இல்லை, Z உம் இல்லை. அதைத் திறக்கும் கலண்டர் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் 14.00 என்று வைத்துக்கொள்ளும். ஹட்டனில் திறந்தால் பிற்பகல் 2 மணி என்று காட்டும், அங்கே அவர்கள் நினைப்பது வேறு 2 மணி. இப்படி ஒன்று வந்தால் 4ஆம் படியில் உள்ள வடிவத்தில் ஒரு பதில் எழுதி, இந்த நேரம்தானா என்று உறுதி கேளுங்கள். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். ஆட்களை வேலைக்கு எடுப்பவர்களுக்கு இது தினமும் வரும் கேள்வி.

## 7. நள்ளிரவைத் தாண்டும் மீட்டிங்

டொரொன்டோவில் கோடை வெள்ளி மாலை 5 மணி என்றால் நமக்கு அது சனிக்கிழமை அதிகாலை 2.30. கிழமையை மட்டும் நினைவில் வைத்தால், வெள்ளி இரவு விழித்திருக்க வேண்டியவர் சனி இரவு விழித்திருப்பார். வெள்ளிக்கும் சனிக்கும் இடைப்பட்ட இரவு என்று வீட்டிலும் சொல்லி வையுங்கள். இரவு 12 மணி என்று யாராவது எழுதினால் 23.59 அல்லது 00.01 என்று மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள்.

நாள் முழுவதும் என்று போடப்படும் நிகழ்வுகளுக்கு நேர வலயமே கிடையாது, திகதி மட்டும்தான். ஆவணம் அனுப்ப வேண்டிய கடைசி நாள் இப்படி வந்தால், அது எந்த ஊரின் நள்ளிரவு வரை என்று தெரியாது. நான் அதை இலங்கை நாள் முடிவதற்குள் என்றே எடுத்துக்கொள்கிறேன். லண்டனும் டொரொன்டோவும் நமக்குப் பின்னால் இருப்பதால் அதில் நட்டம் இல்லை. மெல்போர்ன் என்றால் இந்தக் கணக்கு உதவாது, அங்கே நாள் நமக்கு முன்பே முடிந்துவிடும்.

## 8. நினைவூட்டலும் சிக்னலும்

Event notifications இல் இரண்டு நினைவூட்டல் வையுங்கள். முதல் நாளே ஒன்று, அது மின்னஞ்சலாக வரட்டும். நேரம் மாறியிருந்தால் அதில் கண்ணுக்குப் படும். மற்றது மீட்டிங்குக்கு 45 நிமிடம் முன்னால் போனில் வரட்டும். கலண்டரில் பொதுவாக அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், கொழும்பில் இருப்பவருக்கு அது போதுமாக இருக்கலாம். எங்கள் லயத்தில் மழை பிடித்தால் சிக்னல் போய்விடும், கரண்டும் போகும். சிக்னல் பிடிக்கும் மேட்டுக்கோ டவுனுக்கோ போக அவகாசம் வேண்டும்.

சிக்னல் இல்லாதபோது இடையில் யாராவது நேரத்தை மாற்றினால் அந்த மாற்றம் உங்கள் போனுக்கு வராது. ஆகவே காலையில் தேநீர் குடிக்கும் நேரத்தில், வலையில் இருக்கும்போதே கலண்டரை ஒருமுறை திறந்து, அது புதுப்பிக்கப்படும் வரை பொறுத்துவிட்டு அன்றைய மீட்டிங்குகளைப் பாருங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு, மார்ச் கடைசி ஞாயிறு, ஒக்டோபர் கடைசி ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு ஆகிய நான்கு நாளையும் கலண்டரிலேயே வருடாந்தக் குறிப்பாகப் போட்டு வைத்திருக்கிறேன். அந்த ஞாயிறு மாலையில் அடுத்த வார மீட்டிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, மாறியிருக்கும் நேரங்களை அடுப்படிச் சுவரில் உள்ள நாட்காட்டியில் பேனாவால் எழுதுவேன். அம்மா தினமும் பார்ப்பது அதைத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, இன்றைக்கு உனக்கு ஏழரை இல்லையே, ஆறரையாச்சே என்று அவர்தான் சொன்னார்.